விற்காத நாள்கள் எங்கே போயின?

அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் ஒரு பொதுத் தரவுக் களஞ்சியத்தை நடத்துகிறது. அதில் ‘ஆன்லைன் ரீட்டெயில்’ என்ற பெயரில் ஒரு தொகுப்பு உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த, இணையம் வழியாகப் பரிசுப் பொருள்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் பில் விவரங்கள் அவை. 2010 டிசம்பர் 1 தொடங்கி 2011 டிசம்பர் 9 வரை மொத்தம் 5,41,909 வரிசைகள். தரவு அறிவியல் படிக்கும் மாணவர்களில் பலர் முதலில் கை வைத்துப் பழகும் தொகுப்புகளில் இதுவும் ஒன்று.

இந்தத் தொகுப்பில் தினசரி விற்பனையைக் கூட்டி, அதன் ஏழு நாள் நகரும் சராசரியைப் போடுவது எளிய பயிற்சிதான். ஒவ்வொரு நாளுக்கும் அந்த நாளையும் அதற்கு முந்தைய ஆறு நாள்களையும் சேர்த்து ஏழால் வகுத்தால் போதும். க்வெரி ஓடும், விடை வரும், வரைபடத்தில் கோடும் அழகாக விழும். ஆனால் 2011 ஜனவரி 4-ஆம் தேதிக்கு அது காட்டும் ‘ஏழு நாள்’ சராசரியைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் இருக்கும் தேதிகள் இவை: ஜனவரி 4, பிறகு முந்தைய ஆண்டின் டிசம்பர் 23, 22, 21, 20, 19, 17. ஏழு வரிசைகள் என்னவோ சரிதான். அவை பரவிக் கிடப்பதோ பத்தொன்பது நாள்களில்.

நடுவில் இருந்த நாள்கள் எங்கே? டிசம்பர் 24 முதல் ஜனவரி 3 வரை அந்த நிறுவனம் ஒரு பில்கூடப் போடவில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை. டிசம்பர் 18 சனிக்கிழமை. இந்தத் தொகுப்பு முழுவதிலும் எந்தச் சனிக்கிழமையிலும் ஒரு பில்கூட இல்லை. பில் இல்லாத நாள் க்வெரியின் விடையில் ‘பூஜ்யம்’ என்று வரவில்லை. அப்படி ஒரு நாள் இருந்த சுவடே இல்லாமல் போய்விட்டது.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, டேட்டாபேஸில் எழுதும் வழக்கமான க்வெரியைப் பார்க்க வேண்டும்.

```sql
SELECT invoice_date::date AS day,
       SUM(amount) AS total
FROM sales
GROUP BY 1;
```

`GROUP BY` செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். அட்டவணையில் இருக்கும் வரிசைகளை எடுத்து, ஒரே தேதி உள்ளவற்றை ஒரு குவியலாகச் சேர்க்கிறது. குவியலுக்கு ஒரு விடை. பில்லே இல்லாத நாளுக்குக் குவியல் உருவாக எதுவுமில்லை. ஆகவே விடையும் இல்லை. டேட்டாபேஸுக்கு நாள்காட்டி தெரியாது. டிசம்பர் 17-க்குப் பிறகு 18 வர வேண்டும் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. வகுப்பில் வந்திருக்கும் பிள்ளைகளை மட்டும் எண்ணிக்கொண்டு, வராதவர்களின் பெயர்ப் பட்டியலே கையில் இல்லாத ஆசிரியரின் நிலை அது. விற்பனை அட்டவணை என்பது நடந்ததை எழுதும் ஏடு. நடக்காததை அதில் யாரும் எழுதுவதில்லை.

இதுவரை தவறு என்று எதுவும் இல்லை. ‘எந்தெந்த நாளில் எவ்வளவு விற்றது’ என்ற கேள்விக்கு இந்த விடை சரியே. சிக்கல் அடுத்த படியில்தான் தொடங்குகிறது.

```sql
AVG(total) OVER (ORDER BY day
  ROWS BETWEEN 6 PRECEDING AND CURRENT ROW)
```

இதில் `ROWS` என்ற சொல் அப்படியே பொருள்படும். ஆறு நாள் பின்னே போ என்று இது சொல்லவில்லை. ஆறு வரிசை பின்னே போ என்கிறது. எழுதியவர் மனதில் நாள் என்று நினைத்துக்கொண்டு வரிசையைக் கேட்டுவிட்டார். எல்லா நாளும் விடையில் இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். ஒரு நாள் விழுந்ததும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. அப்போது பிழைச் செய்தி வருவதில்லை, எச்சரிக்கையும் வருவதில்லை. கணினியைப் பொறுத்தவரை கேட்டதைக் கொடுத்துவிட்டது.

இந்தப் பிழை இரண்டு விதமாகச் சராசரியைக் கெடுக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. ஏனெனில் முதலாவது எளிதில் கண்ணில் படும். இரண்டாவது படவே படாது.

முதலாவது, சராசரி வீங்குகிறது. விடுபடும் நாள்கள் எல்லாமே பூஜ்யம் விற்ற நாள்கள். பூஜ்யங்களை மட்டும் தேடித் தேடி நீக்கிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி போட்டால் அது உண்மையைவிடக் கூடுதலாகத்தான் வரும். விற்ற நாளில் சராசரியாக எவ்வளவு விற்றது என்பதும், ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு விற்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். க்வெரி முதல் கேள்விக்கு விடை தருகிறது. அறிக்கையின் தலைப்பில் இரண்டாவது கேள்வி இருக்கிறது.

இரண்டாவது, வாரத்தின் தாளம் கெடுகிறது. சராசரிக்கு ஏழு நாள் என்று வைத்ததற்கே ஒரு காரணம் உண்டு. எந்தக் கடையிலும் வாரத்தின் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏழு நாள் எடுத்தால் ஒவ்வொரு கிழமையும் சரியாக ஒரு முறை உள்ளே வரும். எந்த நாளில் நின்று பார்த்தாலும் ஒரு முழு வாரம் கணக்கில் இருக்கும். அதனால் கிழமை ஏற்ற இறக்கம் அடங்கி, விற்பனை உண்மையிலேயே கூடுகிறதா குறைகிறதா என்பது தெரியும். பிரிட்டன் நிறுவனத்தின் தரவில் சனிக்கிழமை இல்லாததால் வாரத்துக்கு ஆறு வரிசைகள்தான். ஏழு வரிசை எடுத்தால் ஒரு கிழமை இரண்டு முறை வந்துவிடும். வியாழனில் முடியும் சராசரியில் இரண்டு வியாழன்கள்; ஞாயிறில் முடியும் சராசரியில் இரண்டு ஞாயிறுகள்.

அந்தத் தொகுப்பில் வியாழன்தான் அதிகப் பரபரப்பான நாள். ஞாயிறுதான் மிகவும் மந்தம். அதே சாயலில் ஒரு சின்னக் கணக்கு. இது எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்ட எண்கள்: வியாழன்தோறும் 12 ஆர்டர், ஞாயிறுதோறும் 2, திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி நாள்களில் தலா 8, சனிக்கிழமை எதுவுமில்லை. வாரம் தவறாமல் இதுவே நடக்கிறது, எந்த மாற்றமும் இல்லை என்று கொள்வோம். வாரத்தின் கூட்டுத்தொகை 46. ஏழால் வகுத்தால் 6.57. எந்த நாளில் பார்த்தாலும் இதே எண் வர வேண்டும், வரைபடத்தில் நேர்க்கோடு.

வரிசைக் கணக்கில் என்ன வருகிறது? வியாழனில் முடியும்போது 46 உடன் இன்னொரு 12 சேர்ந்து 58; ஏழால் வகுத்தால் 8.29. ஞாயிறில் முடியும்போது 48, சராசரி 6.86. மற்ற நாள்களில் 54, சராசரி 7.71. அசைவே இல்லாத விற்பனை, வரைபடத்தில் வாராவாரம் ஏறி இறங்குகிறது. வியாழனன்று அறிக்கை பார்ப்பவர் வியாபாரம் சூடு பிடிக்கிறது என்பார். அதே அறிக்கையை ஞாயிறன்று பார்ப்பவர் என்ன ஆயிற்று என்று கேட்பார். இத்தனைக்கும், அந்தக் கோட்டின் மிகத் தாழ்ந்த புள்ளியான 6.86 கூட உண்மையான 6.57-ஐத் தொடவில்லை.

தினமும் ஏராளமான பில் போடும் நிறுவனத்திலேயே இப்படி என்றால், எப்போதாவது விற்கும் பொருளில் நிலைமை எப்படியிருக்கும்? உண்மையில் அங்கேதான் இந்தப் பிழை பணத்தைத் தொடுகிறது.

ஒரு பாத்திரக் கடையின் ஐந்து லிட்டர் பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்வோம். மாதத்தின் முதல் 14 நாள்களில் விற்றது இவ்வளவு என்று வைத்துக்கொள்ளலாம்: 1-ஆம் தேதி இரண்டு, 4-ஆம் தேதி ஒன்று, 5-ஆம் தேதி மூன்று, 9-ஆம் தேதி ஒன்று, 14-ஆம் தேதி இரண்டு. மொத்தம் ஒன்பது. 14-ஆம் தேதிக்கான ஏழு நாள் சராசரி என்றால் 8 முதல் 14 வரை பார்க்க வேண்டும். அந்த ஏழு நாளில் விற்றவை மூன்று, நாளொன்றுக்கு 0.43. க்வெரியிடம் இருப்பதோ ஐந்தே வரிசைகள். ஏழு வரிசை தேறாததால் இருக்கும் ஐந்தையும் எடுத்து ஒன்பதை ஐந்தால் வகுக்கிறது, நாளொன்றுக்கு 1.8. உண்மையைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

மொத்த வியாபாரியிடமிருந்து சரக்கு வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்றால், சரியான கணக்குப்படி நான்கைந்து குக்கர் கையில் இருந்தால் போதும். தவறான கணக்கு பதினெட்டு வாங்கச் சொல்கிறது. கடைக்காரரின் பணம் குடோனில் முடங்கும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. 14-ஆம் தேதிக்குப் பிறகு அந்த மாதம் முழுக்க ஒரு குக்கர்கூட விற்கவில்லை என்று கொள்வோம். 21-ஆம் தேதியிலேயே உண்மையான ஏழு நாள் சராசரி பூஜ்யத்துக்கு வந்துவிடும். க்வெரியின் விடையிலோ கடைசி வரிசை 14-ஆம் தேதியோடு நின்றுவிடுகிறது. 30-ஆம் தேதி அறிக்கையைத் திறப்பவருக்கும் ‘கடைசி நிலவரம் 1.8’ என்றே தெரியும். விற்பனை நின்றுபோன பொருளை, விற்பனை நின்றதாலேயே இந்த அறிக்கையால் காட்ட முடியாது. சரிவைக் கண்டுபிடிக்கத்தான் நகரும் சராசரியே. அதே சரிவுதான் அதன் கண்ணில் படாமல் போகிறது.

எக்ஸெலில் வேலை செய்பவர்கள் இது டேட்டாபேஸ்காரர்களின் தலைவலி என்று விட்டுவிட முடியாது. பிவட் டேபிளும் பில் இல்லாத தேதிக்கு வரிசை தருவதில்லை. `AVERAGE` சூத்திரம் வெற்றுக் கட்டத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. பூஜ்யம் என்று தட்டியிருந்தால்தான் எண்ணும். ஏழு கட்டங்களில் நான்கு வெறுமையாக இருந்தால் மூன்றால்தான் வகுக்கும். வரைபடமும் காட்டிக்கொடுக்காது. கோட்டு வரைபடம் விடுபட்ட இடத்தின் இரு முனைகளையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்துவிடும். பார்ப்பவர் அந்த நாள்களிலும் ஏதோ விற்றதாகவே எண்ணிக்கொள்வார்.

சரி, இதைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒரு கழித்தல் கணக்கு போதும். பிரிட்டன் தொகுப்பின் முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே, இரண்டு முனைகளையும் சேர்த்து 374 நாள்கள். தேதிவாரியாகத் தொகுத்தால் வரும் வரிசைகள் 305. விடுபட்டவை 69. அவற்றில் 53 சனிக்கிழமைகள். மீதி 16 நாள்கள் கிறிஸ்துமஸ் விடுப்பு, ஈஸ்டர், மற்ற வங்கி விடுமுறைகள் என்று பிரிட்டனின் நாள்காட்டியோடு பொருந்திப் போகின்றன. இளவரசர் வில்லியமின் திருமணத்துக்காக விடுமுறை விட்ட 2011 ஏப்ரல் 29-உம் அதில் சேர்த்தி. இந்த ஒரு கழித்தலைச் செய்யாமல் எந்த நகரும் சராசரியையும் நம்பக் கூடாது.

திருத்தும் வழியும் நேரானதுதான். டேட்டாபேஸுக்கு நாள்காட்டி தெரியாது என்றால், நாமே ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். முதலில் எல்லாத் தேதிகளையும் வரிசையாக உருவாக்கி, பிறகு விற்பனையை அதன்மீது பொருத்த வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இப்படி எழுதலாம்:

```sql
WITH cal AS (
  SELECT d::date AS day
  FROM generate_series(date '2010-12-01',
         date '2011-12-09', interval '1 day') AS d
), daily AS (
  SELECT cal.day,
         COALESCE(SUM(s.amount), 0) AS total
  FROM cal
  LEFT JOIN sales s
    ON s.invoice_date::date = cal.day
  GROUP BY cal.day
)
SELECT day, AVG(total) OVER (ORDER BY day
  ROWS BETWEEN 6 PRECEDING AND CURRENT ROW)
FROM daily
ORDER BY day;
```

`LEFT JOIN` என்றால் இடப்பக்க அட்டவணையான நாள்காட்டியின் ஒவ்வொரு வரிசையும் விடையில் இருந்தே தீரும். விற்பனை இருந்தால் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாக நிற்கும். `COALESCE` அந்த வெறுமையைப் பூஜ்யமாக மாற்றுகிறது. இப்போது 374 வரிசைகள் வருகின்றன. `ROWS` என்று கேட்டாலும் நாள் என்று கேட்டாலும் இனி ஒன்றே. தொடக்கத்தில் உள்ள ஆறு நாள்களுக்கு மட்டும் பின்னால் ஏழு நாள் இல்லை. அவற்றை அறிக்கையில் காட்டாமல் விடுவது நல்லது.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். பிரிட்டன் தொகுப்பில் ஆஸ்திரேலியாவுக்குப் போன விற்பனை மட்டும் வேண்டும் என்று ஒருவர் கடைசியில் `WHERE s.country = 'Australia'` என்று சேர்க்கிறார். பில் இல்லாத நாளில் நாட்டின் பெயர் வெறுமையாக இருக்கும், வெறுமை ‘ஆஸ்திரேலியா’வுக்குச் சமமில்லை, அந்த வரிசை மறுபடியும் விழுந்துவிடும். கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த நாள்களை ஒரே வரி துடைத்துப் போட்டுவிடுகிறது. நாள்காட்டி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் யாரும் திரும்பிப் பார்ப்பதுமில்லை. இந்த நிபந்தனை `WHERE` பகுதியில் அல்ல, `ON` பகுதியில் இருக்க வேண்டும். பில் எண்ணிக்கை எடுப்பவர்களுக்கும் இதேபோல் ஒரு பள்ளம் உண்டு. `COUNT(*)` வெற்று நாளையும் ஒரு வரிசையாக எண்ணி 1 என்று சொல்லும். விற்பனை அட்டவணையில் உள்ள பில் எண்ணைக் குறிப்பிட்டு எண்ணச் சொன்னால்தான் 0 வரும்.

நாள்காட்டி எதற்கு, `ROWS` என்ற இடத்தில் `RANGE` போட்டால் ஆகாதா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. 2018-இல் வந்த போஸ்ட்கிரெஸின் 11-ஆம் பதிப்பிலிருந்து `RANGE BETWEEN INTERVAL '6 days' PRECEDING AND CURRENT ROW` என்று எழுத முடியும். இது உண்மையிலேயே தேதியைப் பார்த்துப் பின்னே போகும். 2011 ஜனவரி 4-ஆம் தேதியின் கணக்கில் டிசம்பர் விற்பனை இனி நுழையாது. ஆனால் வகுக்கும் எண்? அந்த ஏழு நாளில் வரிசை உள்ள நாள் ஜனவரி 4 ஒன்றுதான். `AVG` அதை ஒன்றால் வகுக்கும். ஒரு நாள் விற்பனையே ஏழு நாள் சராசரியாகிவிடும். `SUM` எடுத்து நாமே ஏழால் வகுத்தால் அந்த எண் சரியாகும். அப்போதும் பில் இல்லாத நாளுக்குப் புள்ளி கிடைக்காது; குக்கர் கதையில் 21-ஆம் தேதியின் பூஜ்யம் வரவே வராது. ஆகவே நாள்காட்டிக்கு மாற்று இல்லை.

இனி வருவது கணினியால் தீர்க்க முடியாத பகுதி. விடுபட்ட எல்லா நாளிலும் பூஜ்யத்தை நிரப்பலாமா?

கடை திறந்திருந்தது, யாரும் வாங்கவில்லை என்றால் அது சந்தேகமே இல்லாத பூஜ்யம். பில் போடும் இயந்திரம் பழுதாகி அன்றைய விவரம் ஏறவே இல்லை என்றால், அந்த நாளுக்குப் பூஜ்யம் போடுவது பொய்க்கணக்கு. விற்றது விற்றதுதான், நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே. அந்த நாளை வெறுமையாகவே விட்டு, சராசரி ஆறு நாளுக்கானது என்று குறிக்க வேண்டும். இந்த இரண்டையும் விற்பனை அட்டவணை ஒரே மாதிரிதான் காட்டும். வரிசை இல்லை, அவ்வளவுதான். வேறுபடுத்திச் சொல்லக்கூடிய தகவல் வேறெங்காவது இருக்க வேண்டும். அன்றைய தரவு வந்து சேர்ந்ததா என்ற பதிவோ, அந்தக் கடையின் மற்ற பொருள்கள் அன்று விற்றனவா என்ற சரிபார்ப்போ உதவும். குக்கர் விற்கவில்லை, ஆனால் தட்டும் டம்ளரும் விற்றன என்றால் அது பூஜ்யம். கடை முழுவதற்குமே ஒரு பில்லும் இல்லை, விடுமுறையும் இல்லை என்றால், யாராவது போன் போட்டுக் கேட்டாக வேண்டும்.

விடுமுறை நாள் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே விடை, கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. கடனுக்கான தவணையும் வாடகையும் சனிக்கிழமைக்கும் சேர்த்துத்தான் ஓடுகின்றன. நாளொன்றுக்கு எவ்வளவு பணம் வருகிறது என்று கேட்பவருக்குச் சனிக்கிழமை பூஜ்யமாக இருப்பதே சரி. சரக்கு எத்தனை நாள் தாங்கும் என்று நாள்காட்டி பார்த்துக் கணக்கிடுபவருக்கும் அப்படியே. ஆனால் பேக்கிங் செய்ய எத்தனை ஆள் வேண்டும் என்று பார்ப்பவருக்கு வேலை செய்யாத நாள் கணக்கில் வரக் கூடாது. அவர் நாள்காட்டியில் வேலை நாள்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு வேலை நாள் சராசரி எடுக்க வேண்டும். ஆறு எடுத்தால் ஒவ்வொரு வேலைக் கிழமையும் மறுபடி ஒரே ஒரு முறை வரும். முன்னே பார்த்த வியாழன் புடைப்பு மறையும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் அது 46-ஐ ஆறால் வகுத்த 7.67. 6.57-உம் சரி, 7.67-உம் சரி, ஒன்றின் பெயர் ‘ஏழு நாள் சராசரி’, மற்றதன் பெயர் ‘ஆறு வேலை நாள் சராசரி’. பெயரை மாற்றிப் போட்டால்தான் தவறு.

அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் தேதிகளை அவ்வப்போது உருவாக்குவதோடு நிறுத்தாமல், டேட்டாபேஸிலேயே நிரந்தரமாக ஒரு நாள்காட்டி அட்டவணை வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாளுக்கு ஒரு வரிசை; அது வேலை நாளா, விடுமுறையா, என்ன விடுமுறை என்று பக்கத்தில் குறிப்பு. ஓராண்டுக்கு 365 வரிசைதான். இருபது ஆண்டுக்குப் போட்டாலும் எட்டாயிரத்தைத் தாண்டாது.

பொருள்வாரியாக, கிளைவாரியாகச் சராசரி வேண்டும் என்றால் நாள்காட்டியை மட்டும் வைத்தால் போதாது. ஒவ்வொரு நாளோடும் ஒவ்வொரு பொருளையும் `CROSS JOIN` மூலம் சேர்த்து முழுச் சட்டத்தையும் முதலில் கட்ட வேண்டும். பிறகுதான் விற்பனையைப் பொருத்த வேண்டும். இங்கே பூஜ்யத்தை அளவுக்கு மீறி அள்ளித் தெளிக்கும் ஆபத்தும் இருக்கிறது. மார்ச்சில் கடைக்கு வந்த குக்கருக்கு ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பூஜ்யம் போட்டால், இல்லாத பொருளை யாரும் வாங்கவில்லை என்று அதன்மேல் பழி போட்டதாகும். சரக்கு தீர்ந்து அலமாரி காலியாக இருந்த நாள்களும் அப்படித்தான். வாங்க ஆள் இருந்தும் பொருள் இல்லை. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் சட்டம் அது அறிமுகமான தேதியில் தொடங்கி, நிறுத்தப்பட்ட தேதியில் முடிய வேண்டும். ஸ்டாக் இல்லாத நாள்களை இருப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தனியே குறிக்க வேண்டும்.